சிறுகதை: இழுப்பறை (வங்கிப் பின்னணி). படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்

கயல்_எழுத்து:
நண்பர்களே, ஒரு கதை எழுதியிருக்கிறேன். முதலில் கதையைப் போடுகிறேன், கேள்வி கடைசியில்.

"பார்த்ததை மட்டும் எழுதுங்கம்மா. உங்க கையெழுத்துலயே" என்று மண்டல அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி நான்கு வெள்ளைத் தாள்களை நகர்த்தி வைத்தார். மேலாளர் அறையின் ஏசி சத்தத்தை வசந்தி அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தாள்.

என்ன பார்த்தோம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பிப்ரவரியில் ஒருநாள் ஸ்டாம்ப் பேட் தேடி உதவி மேலாளரின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பணம் எடுக்கும் படிவங்கள், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கத்தை. தேதி இல்லை, தொகை இல்லை. கீழே மட்டும் கையெழுத்து. மேலே இருந்தது அஞ்சலைப் பாட்டியுடையது. அந்தக் கோணல் எழுத்தை அவள் பலமுறை கவுண்டரில் பார்த்திருக்கிறாள். பாட்டிக்குத் தன் பெயரில் நான்காவது எழுத்தைப் போடுவதற்குள் மூச்சு வாங்கும்.

"என்ன வசந்தி, பேடா? அங்க இல்ல, இந்தா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று அவரும் பார்த்தார். "அந்தக் கிழவிங்க பாவம், நூறு நாள் வேலைக் காசு ஏறுச்சான்னு பார்க்க பஸ் ஏறி வரணும். கையெழுத்து போட்டுக் கொடுத்து வச்சிருக்காங்க. நாமதானே ஒத்தாசை பண்ணணும்?"

"சரி சார்" என்றாள்.

அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். இரண்டு நாளும் மூன்று மணிக்கு அவளைக் கிளம்ப விட்டவர் அவர்தான். பர்மிஷன் பேரேட்டில் ஒருநாளும் எழுதியதில்லை. ஊரில் நல்ல மனிதர் என்று பெயர். கத்தையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பஸ்ஸில் போகும்போது நினைத்தாள். தஞ்சாவூர் வந்ததும் அப்பாவின் மருந்துச் சீட்டு ஞாபகம் வந்துவிடும்.

அக்டோபரில் பாட்டி பேரனோடு வந்து பாஸ்புக் பதிந்தாள். 46,000 ரூபாய் குறைந்தது. பாட்டி மட்டும் இல்லை, இன்னும் ஆறு பேர்.

இப்போது பேனா கையில். 'பிப்ரவரி மாதம் உதவி மேலாளரின் இழுப்பறையில் பணம் எடுக்கும் படிவங்களைப் பார்த்தேன்.'

அதிகாரி படித்தார். "எத்தனை இருந்தது?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும் சார்."

"எண்ணுனீங்களா?"

"இல்ல."

"அப்போ எண்ணவில்லைன்னே எழுதுங்க. பூர்த்தி செய்ததா, வெறும் கையெழுத்தா?"

"மேல இருந்தது வெறும் கையெழுத்து. கீழ இருந்ததைப் புரட்டல."

"அதையும் எழுதுங்க. அப்புறம், யார்கிட்ட சொன்னீங்க?"

வசந்தி பேசவில்லை. மேலாளரிடம் சொன்னதாக எழுதலாம். அவர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார், யாரும் அவ்வளவு தூரம் போய்க் கேட்கப் போவதில்லை. அது படிவங்கள் என்றே அப்போது தெரியவில்லை என்றும் எழுதலாம். இரண்டு வாக்கியமும் முழுசாக, சுத்தமாக மனதில் வந்து நின்றன.

'அன்றும் அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை' என்று எழுதினாள்.

அதிகாரி வெகுநேரம் அந்த வரியிலேயே இருந்தார். "ஏன்?"

"அதையும் எழுதணுமா சார்?"

"உங்க இஷ்டம். ஆனா விசாரணைல கேப்பாங்க."

வசந்தி இன்னொரு தாள் கேட்டாள்.

(முடிந்தது)

இனி என் கேள்வி. இந்த வாக்குமூலத்துக்குப் பிறகு நிஜத்தில் என்ன நடக்கும்? அடுத்த பகுதியாக விசாரணையை எழுத நினைக்கிறேன். சினிமா கோர்ட் மாதிரி ஆகிவிடக் கூடாது. வங்கியில் இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கதிரவன்:
கதை பிடித்திருக்கிறது. டயாலிசிஸ் விஷயம் சரியான இடத்தில் இருக்கிறது. அவள் பயந்து மௌனமாக இருக்கவில்லை, நன்றிக்கடனில் இருந்திருக்கிறாள். அது பயத்தைவிடக் கஷ்டமான கட்டு. ஆனால் பாட்டி வெறும் கையெழுத்தாகவே இருக்கிறாள், அவளுக்கென்று ஒரு குரல் இல்லை. 46,000 ரூபாய் அவளுக்கு எத்தனை வருடச் சேமிப்பு?

தீபக்_லா:
வசந்தி எதற்கு எழுத வேண்டும்? அரசியலமைப்பு 20(3) இருக்கிறது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 'யாரிடமும் சொல்லவில்லை' என்று எழுதுவது தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வது. மௌனமாக இருக்கும் உரிமையை அவள் பயன்படுத்தியிருக்கலாம். கதையில் இது பெரிய ஓட்டை.

பழைய_பேரேடு:
முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தேன். பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் பல உள்விசாரணைகளில் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் தீபக்குக்கு. 20(3) குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு, அதுவும் கிரிமினல் குற்றத்தில். வசந்தி மேல் போலீஸ் வழக்கு இல்லை. மேலதிகாரி கேட்கும் அலுவலக விஷயத்துக்குப் பதில் சொல்ல மறுத்தால், அந்த மறுப்பே தனியாக ஒரு குற்றச்சாட்டாக வரலாம். ஆனால் தீபக்கின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அறையில் எழுதும் தாள் நாளைக்கு அவள் மேலேயே திரும்பலாம். நிஜத்திலும் எல்லோரும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

இப்போது கயல்விழி கேட்டதற்கு வருகிறேன். கதையில் வருபவர் விசாரணை அதிகாரி இல்லை. அவர் செய்வது முதற்கட்ட ஆய்வு. விவரம் சேர்த்து அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன் பேரில் உதவி மேலாளருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், அவர் பதில் எழுதுவார். பதில் திருப்தியாக இல்லை என்றால்தான் முறையான விசாரணை. அதற்கு விசாரணை அதிகாரி வேறு ஒருவர். வங்கித் தரப்பை எடுத்து வைக்க ஓர் அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு பிரதிநிதி. நடப்பது ஏதாவது ஒரு கிளையின் மாடி அறையில், சாதாரண மேசை நாற்காலியில். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி பதிலை அப்படியே தட்டச்சு செய்துகொண்டே போவார். ஒவ்வொரு பக்கத்திலும் அங்கே இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். மற்றபடி சத்தமே இருக்காது.

முக்கியமான விஷயம் ஒன்று. வசந்தி எழுதிய தாள் தன்னந்தனியாகச் சாட்சியம் ஆகாது. அவள் நேரில் வந்து 'இது நான் எழுதியது, இதில் உள்ளது உண்மை' என்று சொல்லவேண்டும். அந்தத் தாளின் நகல் முன்கூட்டியே எதிர்த்தரப்புக்குப் போயிருக்க வேண்டும், அவர்கள் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பும் இருக்க வேண்டும். மைசூர் மாநிலம் எதிர் சிவபசப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். பழைய வாக்குமூலத்தைச் சாட்சி வரிக்கு வரி மறுபடி ஒப்பிக்கத் தேவையில்லை, ஆனால் கேள்வி கேட்க ஆள் முன்னால் இருக்கவேண்டும். 2008இல் தீர்ப்பான ரூப் சிங் நேகி வழக்கு வங்கி ஊழியர் ஒருவருடையது. விசாரணையில் எந்தச் சாட்சியும் ஆவணங்களை நிரூபிக்கவில்லை, காகிதங்களைச் சமர்ப்பித்ததோடு முடித்துவிட்டார்கள். அந்தத் தண்டனை உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

அதனால் உங்கள் அடுத்த பகுதியில் வசந்தி மறுபடி வந்தே ஆகவேண்டும். இந்த முறை எதிரில் உதவி மேலாளரும் உட்கார்ந்திருப்பார்.

உமா_நெல்லை:
இதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. என் நாத்தனார் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பெண் சூப்பர்வைசர் மேல் பாலியல் புகார் கொடுத்திருக்கிறாள். நாத்தனார் அப்போது பக்கத்து மேசையில் இருந்தாளாம், பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது, எழுந்து போய்விட்டாள். இப்போது கமிட்டியிலிருந்து அழைப்பு. அவளும் இப்படி எழுதித்தான் ஆகணுமா? சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாரா? ராத்திரி எல்லாம் தூங்கவில்லை.

பழைய_பேரேடு:
உமா, அது வேறு சட்டம், 2013ஆம் வருடச் சட்டம். அந்தக் கமிட்டிக்கு ஆட்களை வரவழைத்துச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரிக்க சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அதனால் அழைப்பை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. புகார் கொடுத்தவர் யார், சாட்சி யார் என்பதை வெளியே விடக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வக்கீல் வைத்து வாதாட முடியாது. எதிர்த்தரப்பின் கேள்விகளை எழுதி வாங்கிக் கமிட்டியே கேட்கும் வழக்கமும் உண்டு. நேருக்கு நேர் வேண்டாம் என்று உங்கள் நாத்தனார் முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். காதில் விழுந்ததை மட்டும் சொல்லட்டும். அந்தப் பெண் பிறகு வந்து என்ன சொன்னாள் என்பதைத் தான் கேட்டதோடு கலந்துவிட வேண்டாம்.

உமா_நெல்லை:
ரொம்ப நன்றி ஐயா. எழுந்து போனதைச் சொல்லணுமா?

பழைய_பேரேடு:
கேட்டால் கட்டாயம் சொல்லவேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வது நல்லது. எழுந்து போனதால் எதுவரைக்கும் கேட்டாள் என்பது தெளிவாகிவிடும். 'அதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியாது' என்று அவள் சொல்வதை நம்பவும் முடியும்.

தோழர்_சேகர்:
நான் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். பெரியவர் உட்கார்ந்த மேசைக்கு எதிர்ப்பக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசுகிறவன். கதையில் அந்த உதவி மேலாளருக்கு நான் வந்தால் வசந்தியிடம் என்ன கேட்பேன் என்று சொல்கிறேன், கயல்விழிக்கு உதவும்.

'பிப்ரவரியில் பார்த்தீர்கள். அக்டோபர் வரை கிளைக்குப் புது மேலாளர் வந்தார், தணிக்கைக்கு ஆள் வந்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் அதில் தவறு இருப்பதாக அன்று உங்களுக்குத் தோன்றவில்லை, சரிதானே?' இது முதல் கேள்வி. இதற்கு ஆம் என்றாலும் எனக்கு லாபம், இல்லை என்றாலும் லாபம்.

அடுத்தது, 'வாக்குமூலம் எழுதும்போது உங்கள் மேல் நடவடிக்கை வராது என்று யாராவது சொன்னார்களா?' அவள் சற்றுத் தயங்கினாலே போதும். மூன்றாவது, 'மேலே இருந்த ஒரே ஒரு படிவத்தைத்தான் பார்த்தீர்கள். மற்றவை வெற்றுப் படிவங்களாக இருந்திருக்கலாம் அல்லவா?'

மூன்றாவது கேள்விக்கு ஆய்வு அதிகாரி அந்த அறையிலேயே பதில் வாங்கி வைத்துவிட்டார். புரட்டவில்லை என்று அவளே எழுதிவிட்டாள். நான் கேட்டாலும் அதேதான் வரும், ஆச்சரியமாக எதுவும் கிடைக்காது. அதேபோல 'யாரிடமும் சொல்லவில்லை' என்ற வரியும் என் முதல் கேள்வியைப் பாதி மழுங்கடித்துவிடுகிறது. மேலாளரிடம் சொன்னேன் என்று பொய் எழுதியிருந்தால்? அந்த மேலாளரை எங்கள் தரப்புச் சாட்சியாக நாங்களே வரவழைப்போம். வடக்கே இருந்தாலும் அவரும் வங்கி ஊழியர்தான், அழைத்தால் வருவார். 'அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை' என்று அவர் சொன்ன நிமிடமே வசந்தியின் மற்ற வரிகளும் போய்விடும், இழுப்பறையும் சேர்த்து.

பழைய_பேரேடு:
தோழர் சொன்ன கடைசி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. இங்கே கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் போதும். அதனால் ஒரு சாட்சியை நம்பலாமா என்பதிலேயே பெரும்பாலும் முடிவு தொங்கும்.

ஆனால் கயல்விழி, கதையில் எனக்கு வேறொரு குறை தெரிகிறது. அந்தப் படிவங்களுக்குப் பணம் கொடுத்தது யார்? பணம் எடுக்கும் படிவத்தோடு பாஸ்புக் வரவேண்டும், கணக்குக்காரரே வரவேண்டும். மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க அது காசோலை இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் பதிவு செய்தவரின் அடையாள எண்ணும் அனுமதித்தவரின் எண்ணும் கணினியில் இருக்கும். ஆய்வு அதிகாரி கிளைக்கு வருமுன்னே அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்திருப்பார். ஏழு பேர் கணக்கு, பல மாதம், ஒரு தடவைகூடப் பாட்டி கவுண்டர் முன்னால் நிற்கவில்லை என்றால் கேஷ் கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியாமல் நடந்திருக்க முடியாது. கைநாட்டுக் கணக்காக இருந்தால் இன்னும் கடினம், படத்தோடு முகத்தை ஒத்துப் பார்க்கவேண்டும்.

வசந்தியை எதற்காக அழைத்தார்கள் என்பதற்கே கதையில் காரணம் இல்லை. இழுப்பறையைத் திறந்ததை அவளும் அவரும் தவிர யார் அறிவார்?

கயல்_எழுத்து:
ஐயா, இந்தக் கேள்விக்காகவே இங்கே போட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன். என் மனதில் வசந்தி டெபாசிட் கவுண்டர், பணம் கொடுக்கும் இடத்தில் இல்லை. எல்லோரையும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கிறார்கள், அதில் அவளும் ஒருத்தி. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்தபின் வேறு மாதிரி தோன்றுகிறது. கேஷியர் விடுப்பில் இருந்த இரண்டு நாள் வசந்தி அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தாள் என்று வைத்தால்? அவள் எண்ணில் இரண்டு பரிவர்த்தனை இருக்கும். 'பாட்டி வெளியே திண்ணையில உட்கார்ந்திருக்கு, நான் கொடுத்துடறேன்' என்று அவர் சொல்கிறார். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

கதிரவன்:
வேண்டாம். அப்படி வைத்தால் இது வேறு கதை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவளின் கதை போய், பணம் கொடுத்தவளின் கதையாகிவிடும். படிக்கிறவன் 'ஓ, இவளுக்கும் பங்கு உண்டு' என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவான். இப்போது அவள் கையில் ஒரு ரூபாய்கூடப் படவில்லை, அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

தோழர்_சேகர்:
எனக்கு மாற்றம் பிடித்திருக்கிறது, ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். பார்த்தேன், சொல்லவில்லை என்பதோடு நின்றால் எழுத்தருக்கு அலட்சியம், விதிமீறல் என்ற அளவில் சிறு தண்டனைக்குரிய குற்றச்சாட்டாக முடிய வாய்ப்பு உண்டு. எழுத்தர்களுக்கு வங்கிகளும் சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் அடிப்படை, அதில் பெரும் தவறு, சிறு தவறு என்று பிரித்திருக்கிறது. கையெழுத்துக்காரர் இல்லாமல் பணம் கொடுத்தாள் என்றால் வங்கி அதைப் பெரும் தவறு என்ற தலைப்பில்தான் கொண்டுவரப் பார்க்கும். அப்போது நான் வசந்தியின் பக்கம் வந்து உட்காரவேண்டி இருக்கும்.

பெரியவரிடமும் ஒன்று. உண்மையைச் சொன்ன சாட்சி மேல் வங்கி எதற்கு நடவடிக்கை எடுக்கவேண்டும்? எடுத்தால் அடுத்த கிளையில் அடுத்த வசந்தி வாயே திறக்க மாட்டாள். மௌனத்துக்குத்தான் தண்டனை என்று மேலே நினைப்பார்கள். கீழே இருக்கிறவர்கள் பார்ப்பது வேறு. வாய் திறந்தவளுக்குத்தான் மெமோ வந்தது என்று பேசிக்கொள்வார்கள்.

பழைய_பேரேடு:
தோழரே, இதில் உங்களோடு பாதி தூரம்தான் வரமுடியும். எட்டு மாதம். பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் அந்த ஏழு பேரில் எத்தனை பேர் காசு தப்பியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் வரும். அதைப் பேசாமல் விட்டுவிட முடியாது. ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு நிறுத்தலாம் என்பது என் கருத்து. முடிவு எடுப்பது நான் இல்லை, அதுவும் தெரியும். சாட்சி சொன்னால் நடவடிக்கை இல்லை என்று வாக்குக் கொடுப்பதும் தப்பு. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அது தீனி போட்டுவிடும். வாக்குக் கொடுக்காமல், சாட்சியம் முடிந்தபின் அவள் தானாகச் சொன்னதைக் கணக்கில் எடுப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தோழர்_சேகர்:
கணக்கில் எடுப்பார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? அந்த நான்கு தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குத் தெரிந்தது அவள் சம்பளமும் அப்பாவின் டயாலிசிஸும்தான்.

தீபக்_லா:
20(3) பற்றிப் பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் நடைமுறையில் ஒன்று. இப்படி ஓர் அறையில் உட்கார நேர்ந்தால் என்ன கவனிக்க வேண்டும்?

தோழர்_சேகர்:
எங்கள் உறுப்பினர்களுக்கு நான் சொல்வது இதுதான். சொல்லச் சொல்ல எழுதாதீர்கள், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கிடையவே கிடையாது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்தும் தேதியும், கடைசி வரிக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் ஒரு குறுக்குக் கோடு. முடிந்தால் நகல் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வீட்டுக்குப் போனதும் நினைவில் உள்ளதை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள். விசாரணை வர ஒரு வருடம்கூட ஆகலாம். தான் என்ன எழுதினோம் என்றே மறந்துபோன சாட்சியைக் குறுக்கு விசாரணையில் கலைப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை.

கயல்_எழுத்து:
கதிரவனும் தோழரும் இழுக்கிற இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. பணம் கொடுத்த விஷயத்தை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் விசாரணைக் காட்சியை இன்று எழுதிப் பார்த்தேன், ஒரு துண்டு:

"நீங்கள் அன்று தவறு என்று நினைக்கவில்லை, சரிதானே?"

"நினைத்தேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"சார் எனக்கு நல்லது செய்திருந்தார். அவர் அப்படிச் செய்யமாட்டார் என்று இருந்துவிட ஆசைப்பட்டேன்."

பிரதிநிதி தாளைப் புரட்டினார். தட்டச்சு செய்பவர் "ஆசைப்பட்டேன்-னே போடவா?" என்று விசாரணை அதிகாரியைக் கேட்டார்.

தோழர்_சேகர்:
இந்தப் பதில் வந்தால் நான் அடுத்த கேள்வி கேட்கமாட்டேன். உட்கார்ந்துவிடுவேன். பர்மிஷன் பேரேட்டில் எழுதாமல் அவளை அனுப்பிய விஷயத்தைத் தோண்டலாம், ஆனால் அது என் ஆளுக்கே இன்னொரு குற்றச்சாட்டாகும்.

கதிரவன்:
'ஆசைப்பட்டேன்' நன்றாக இருக்கிறது. பாட்டி எங்கே? அவள் சாட்சி சொல்ல வரமாட்டாளா?

பழைய_பேரேடு:
வரவேண்டும். புகார் மனு மட்டும் இருந்து ஆள் வராவிட்டால், வசந்தியின் தாளுக்குச் சொன்ன அதே சிக்கல் மனுவுக்கும் வரும். வாடிக்கையாளர்கள் வங்கி ஊழியர்கள் இல்லை, வந்தே ஆகவேண்டும் என்று பொதுவாக உத்தரவு போட முடியாது. கெஞ்சித்தான் கூப்பிடவேண்டும். அதனால்தான் இப்படிப்பட்ட விசாரணையை அந்தக் கிளையிலேயே வைப்பார்கள், பாட்டி வழக்கமாக ஏறும் பஸ்ஸில் வந்துவிடலாம். வங்கித் தரப்பில் முதல் சாட்சியாக ஆய்வு அதிகாரியை வைத்து ஆவணங்களைப் பதிவு செய்வது வழக்கம். இரண்டாவதாகப் பாட்டியைக் கூப்பிடுங்கள். படிவங்களைக் காட்டி 'இது உங்கள் கையெழுத்தா, தொகையை யார் எழுதினது' என்று கேட்பார்கள். வசந்தி அதற்குப் பிறகு.

கயல்_எழுத்து:
அப்படியானால் வசந்தி வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பாட்டி உள்ளேயிருந்து வருவாள். இருவரும் பேசிக்கொள்ளலாமா ஐயா, அல்லது அதற்குத் தடை உண்டா?

பழைய_பேரேடு:
ஒரு சாட்சி சொல்வதை இன்னொரு சாட்சி கேட்கக் கூடாது, அதனால்தான் வெளியே உட்காரவைப்பது. பெஞ்சில் காவலுக்கு ஆள் இருக்காது. பாட்டி தண்ணீர் கேட்டால் வசந்தி கொடுக்கலாம். உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரிக்காமல் இருந்தால் போதும். பாட்டி தானாகச் சொல்ல ஆரம்பித்தால் என்ன செய்வது என்பது உங்கள் பாடு.